அம்புக்குறி எங்கே போகிறது? பக்க அட்டவணைப் படத்தை வாசிக்கும் முறை

உயர்தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் பாடத்தில் பணிசெயல் முறைமை அலகுக்குள் வந்ததும், பிள்ளைகள் ஒரு படத்தின் முன்னால் நின்றுவிடுவதைப் பார்க்கிறேன். இடப்பக்கம் ஒரு நீளப் பெட்டி, நடுவில் ஒரு அட்டவணை, வலப்பக்கம் இன்னொரு பெட்டி, அதற்குக் கீழே உருளை வடிவில் வன்தட்டு. இடையில் பத்துப் பதினைந்து அம்புக்குறிகள். இதே படம் அறிவியல் நகரில் உள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்துக்கோ, 2021இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாவின் பம்பைமடு வளாகத்துக்கோ கணினி படிக்கப் போகிறவருக்கு இன்னும் பெரிதாக வரும். அங்கே அட்டவணைக்குள் அட்டவணை இருக்கும்.

இந்த அத்தியாயம் அந்தப் படத்தை வாசிப்பதற்கு மட்டும். ஏன் இப்படி ஒரு ஏற்பாடு வந்தது என்பதை ஒரு பந்தியில் முடித்துவிட்டு, கையில் பென்சிலோடு ஒரு படத்தை முதலிலிருந்து கடைசிவரை நடந்து பார்ப்போம். தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். வெறுமனே கண்ணால் வாசித்தால் இது பிடிபடாது.

## தேவையான அளவு விளக்கம்

ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நிரலும் ஒரு செயன்முறை. ஒவ்வொரு செயன்முறையும் நினைவகம் முழுவதும் தனக்கே சொந்தம், அது 0இல் தொடங்குகிறது என்ற நினைப்பிலேயே முகவரிகளைச் சொல்லும். அந்த முகவரிதான் மாய முகவரி. சில நூல்களில் மெய்நிகர் முகவரி என்று இருக்கும், இரண்டும் ஒன்றுதான். உண்மையில் கணினியில் இருப்பது ஒரேயொரு றாம். அதை எல்லாச் செயன்முறைகளும் பங்கிட வேண்டும், அது போதாவிட்டால் வன்தட்டையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மாய நினைவகத்தை ஒரே அளவுத் துண்டுகளாக வெட்டினால் அவை பக்கங்கள். றாமை அதே அளவில் வெட்டினால் அவை சட்டகங்கள். எந்தப் பக்கம் எந்தச் சட்டகத்தில் இருக்கிறது என்று எழுதிவைத்த பட்டியல் பக்க அட்டவணை. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1962இல் இயங்கத் தொடங்கிய அட்லஸ் கணினியிலேயே இந்த ஏற்பாடு இருந்தது. அதில் வன்தட்டின் இடத்தில் சுழலும் காந்த உருளை இருந்தது என்பதுதான் வித்தியாசம்.

## நாம் வாசிக்கப்போகும் படம்

படத்தை இங்கே எண்களாகவே தருகிறேன். உங்கள் தாளில் இதைப் பெட்டிகளாக வரைந்துகொள்ளுங்கள். அ, ஆ என்று இரண்டு செயன்முறைகள். பக்கத்தின் அளவு 4 கிலோபைற்று. ஒவ்வொரு செயன்முறையின் மாய நினைவகமும் 32 கிலோபைற்று. றாம் 16 கிலோபைற்று. பணிசெயல் முறைமைக்கு வேண்டிய இடத்தைப் படம் காட்டவில்லை. பரீட்சைப் படங்களும் பெரும்பாலும் அப்படித்தான்.

```
செயன்முறை அ
பக்கம்  இருப்பு  சட்டகம்  மாற்றம்  வட்டு
0       1       0        0       20
1       0       -        -       21
2       0       -        -       -
3       1       2        1       22
4-7     0       -        -       -

செயன்முறை ஆ
பக்கம்  இருப்பு  சட்டகம்  மாற்றம்  வட்டு
0       1       1        0       33
1       0       -        -       34
2       1       3        0       35
3-7     0       -        -       -
```

இருப்பு என்பது ஒற்றைப் பிற்று. 1 என்றால் பக்கம் இப்போது றாமில் உண்டு, 0 என்றால் இல்லை. மாற்றம் என்பதும் ஒற்றைப் பிற்றுத்தான்: றாமுக்கு வந்த பிறகு அந்தப் பக்கத்தில் ஏதாவது எழுதப்பட்டதா என்று அது சொல்லும். வட்டு என்ற நிரல், அந்தப் பக்கத்துக்கு வன்தட்டில் ஒதுக்கப்பட்ட இடத்தின் இலக்கம். உண்மையான கணினிகளில் இந்தக் கடைசி நிரலைப் பணிசெயல் முறைமை வேறொரு பதிவேட்டில் வைத்திருப்பதும் உண்டு. வாசிக்கப் பழகும்போது ஒரே இடத்தில் இருப்பது நல்லது.

## வாசிக்கும் ஒழுங்கு

1. அம்புக்குறியைத் தொடுவதற்கு முன் அளவுகளை எழுதுங்கள். தாளின் மேல்மூலையில் மூன்று வரி போதும்.

```
பக்க அளவு = 4 x 1024 = 4096 பைற்று
பக்கங்கள்  = 32 / 4 = 8   (0 - 7)
சட்டகங்கள் = 16 / 4 = 4   (0 - 3)
```

இலக்கங்கள் 0இல் தொடங்குகின்றன என்பதை அடைப்புக்குறிக்குள் கட்டாயம் எழுதுங்கள். எட்டுப் பக்கங்கள் இருந்தால் கடைசிப் பக்கம் 7. "எட்டாம் பக்கம்" என்று ஒரு விடையில் வந்தால் அங்கேயே ஏதோ பிழை.

2. எது யாருடைய அட்டவணை என்று குறியுங்கள். ஒவ்வொரு செயன்முறைக்கும் தனி அட்டவணை. றாம் மட்டும் பொது. அவின் அட்டவணையிலிருந்து போகும் அம்புக்குறிகளை நீலத்திலும் ஆவின் அம்புக்குறிகளைச் சிவப்பிலும் வரையச் சொல்வேன். நிறப் பென்சில் இல்லாவிட்டால் ஒன்றை நேர்கோடாகவும் மற்றதைப் புள்ளிக்கோடாகவும் போடலாம்.

3. றாமை நீங்களே நிரப்புங்கள். அட்டவணைகளில் இருப்பு 1 ஆக உள்ள வரிகளை மட்டும் எடுத்து, ஒவ்வொரு சட்டகத்துக்குள்ளும் அதில் யார் இருக்கிறார் என்று எழுதுங்கள்.

```
சட்டகம் 0 : அ, பக்கம் 0
சட்டகம் 1 : ஆ, பக்கம் 0
சட்டகம் 2 : அ, பக்கம் 3
சட்டகம் 3 : ஆ, பக்கம் 2
```

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் பின்னால் தடுமாறுகிறார்கள். நான்கு சட்டகமும் நிரம்பிவிட்டன, வெற்றிடமே இல்லை என்பது இப்போதே தெரிந்துவிட்டது. அட்டவணை பக்கத்திலிருந்து சட்டகத்துக்குப் போகிறது. நீங்கள் இப்போது எழுதியது அதன் மறுபக்கம், சட்டகத்திலிருந்து பக்கத்துக்கு வருவது. பின்னால் ஒரு பக்கத்தை வெளியேற்ற வேண்டி வரும்போது இந்தப் பட்டியல்தான் கைகொடுக்கும்.

4. முகவரியை இரண்டாக உடையுங்கள். முகவரியைப் பக்க அளவால் வகுத்தால் ஈவு பக்க இலக்கம், மீதி அந்தப் பக்கத்துக்குள் எத்தனையாவது பைற்று என்பது. இந்த மீதியை ஓஃப்செற் என்று சொல்லுவோம்.

5. அட்டவணையில் அந்த வரிக்குப் போய், முதலில் இருப்புப் பிற்றைப் பாருங்கள். சட்டக இலக்கத்தை அதற்குப் பிறகு பாருங்கள். சில படங்களில் இருப்பு 0 ஆன வரியிலும் சட்டக நிரலில் பழைய எண் ஒன்று அழியாமல் கிடக்கும். அது பொறி. இருப்பு 0 என்றால் அந்த எண்ணுக்குப் பெறுமதி இல்லை.

6. சட்டக இலக்கத்தைப் பக்க அளவால் பெருக்கி ஓஃப்செற்றைக் கூட்டுங்கள். வருவது பௌதிக முகவரி, அதாவது றாமில் உண்மையான இடம்.

## முதல் நடை: அ, முகவரி 13000

```
13000 / 4096 = 3, மீதி 712
அ, பக்கம் 3 -> இருப்பு 1, சட்டகம் 2
2 x 4096 + 712 = 8904
```

இதை இரும எண்ணில் செய்தால் இன்னும் சுலபம், வகுத்தலே இல்லை. 4096 என்பது 2இன் 12ஆம் அடுக்கு. ஆகவே வலமிருந்து 12 பிற்றுகள் ஓஃப்செற், மிச்சம் பக்க இலக்கம். 32 கிலோபைற்றுக்கு 15 பிற்று வேண்டும். 15இல் 12 போக 3 பிற்று பக்க இலக்கத்துக்கு. றாம் 16 கிலோபைற்று என்பதால் பௌதிக முகவரிக்கு 14 பிற்று, அதில் சட்டக இலக்கத்துக்கு 2.

```
மாய முகவரி    011 | 0010 1100 1000
பௌதிக முகவரி   10 | 0010 1100 1000
```

கோட்டுக்கு வலப்பக்கத்தைப் பாருங்கள், ஒரு பிற்றுக்கூட மாறவில்லை. 011 போய் 10 வந்திருக்கிறது, அவ்வளவுதான். அட்டவணை செய்யும் வேலை முழுவதும் கோட்டுக்கு இடப்பக்கத்தில்தான். பதினாறின் அடியில் எழுதினால் 0x32C8 என்பது 0x22C8 ஆகிறது. பக்கம் 4 கிலோபைற்றாக இருக்கும்வரை கடைசி மூன்று இலக்கங்கள் எப்போதும் அப்படியே இருக்கும். விடையைச் சரிபார்க்க இதைவிட விரைவான வழி எனக்குத் தெரியாது.

கிளிநொச்சியில் நான் எடுக்கும் மாலை வகுப்பில் ஒரு பிள்ளை இதே கணக்குக்கு 9000 என்று விடை எழுதியிருந்தாள். படிகள் எல்லாம் சரி, ஒழுங்கும் சரி. கிலோ என்றதும் ஆயிரம் என்று எடுத்து 4000ஆல் வகுத்திருக்கிறாள்: ஈவு 3, மீதி 1000, பிறகு 8000உம் 1000உம் 9000. பூச்சியங்களோடு அழகாக முடியும் பௌதிக முகவரி வந்தால் சந்தேகப்படுங்கள். 1024ஆல் பெருக்கிய எண்கள் பெரும்பாலும் அப்படி முடிவதில்லை.

## இரண்டாம் நடை: ஒரே முகவரி, இரண்டு இடம்

இப்போது இரண்டு செயன்முறைகளும் முகவரி 100ஐக் கேட்கின்றன. இருவருக்கும் பக்கம் 0, ஓஃப்செற் 100. அவுக்குச் சட்டகம் 0, ஆகவே பௌதிக முகவரி 100. ஆவுக்குச் சட்டகம் 1, ஆகவே 4196. கேட்ட முகவரி ஒன்று, போய்ச் சேர்ந்த இடம் இரண்டு. படத்தில் இரண்டு "பக்கம் 0"களிலிருந்தும் அம்புக்குறிகள் வேறு வேறு சட்டகத்துக்குப் போவது இதனால்தான். ஆ எந்த முகவரியைச் சொன்னாலும் அது ஆவின் அட்டவணை வழியாகவே போகும். அவின் சட்டகத்தைத் தொட ஆவுக்கு வழியே இல்லை.

இதற்கு எதிர்மாறான படமும் வரும்: இரண்டு அட்டவணைகளிலிருந்தும் அம்புக்குறிகள் ஒரே சட்டகத்தில் முடியும். அது அச்சுப்பிழையல்ல. இருவரும் ஒரே நிரல் நூலகத்தை வாசிக்கும்போது அதன் ஒரு பிரதியை றாமில் வைத்து இருவருக்கும் காட்டுவது வழக்கம்.

## மூன்றாம் நடை: இருப்பு 0 வரும்போது

இங்கேதான் நேரம் எடுத்து வாசிக்க வேண்டும். படத்தின் கீழேயுள்ள உருளை இப்போதுதான் வேலைக்கு வருகிறது.

அ முகவரி 5000ஐக் கேட்கிறது. 5000ஐ 4096ஆல் வகுக்க ஈவு 1, மீதி 904. பக்கம் 1இல் இருப்பு 0. வன்பொருளால் மேலே போக முடியாது. அது வேலையை நிறுத்திப் பணிசெயல் முறைமையைக் கூப்பிடும். இதுதான் பக்கத் தவறு. வகுப்பில் பேஜ் ஃபோல்ற் என்றே சொல்லிப் பழகியிருப்பீர்கள். "தவறு" என்ற சொல்லைக் கண்டு பயப்பட வேண்டாம், நிரல் பிழை விட்டதாக இதற்குப் பொருளில்லை. பக்கம் றாமில் இல்லை என்பது மட்டுமே செய்தி.

ஆனால் பூச்சியத்தில் இரண்டு வகை உண்டு. பக்கம் 1க்கு இருப்பு 0, வட்டு 21. பக்கம் 2க்கும் இருப்பு 0, ஆனால் வட்டு நிரலில் கோடு. முதலாவது வெளியே போயிருக்கிறது, திருப்பி எடுக்கலாம். இரண்டாவது செயன்முறைக்கு ஒருபோதும் கொடுக்கப்படாத பக்கம், எடுக்க எதுவும் இல்லை. அ முகவரி 9000ஐக் கேட்டால் அது பக்கம் 2இல் விழும், பணிசெயல் முறைமை அந்தச் செயன்முறையையே நிறுத்திவிடும். லினக்ஸில் `Segmentation fault` என்று திரையில் வருவது அநேகமாக இந்தச் சங்கதிதான். எனவே இருப்பு 0ஐக் கண்டதும் கண் வட்டு நிரலுக்குப் போக வேண்டும்.

பக்கம் 1ஐக் கொண்டுவருவோம். சட்டகங்கள் நிரம்பியிருப்பது மூன்றாம் படியிலேயே தெரியும், ஆகவே ஒருவரை வெளியேற்ற வேண்டும். யாரை என்பதைக் கேள்வி சொல்லும், அல்லது "அண்மையில் மிகக் குறைவாகப் பயன்பட்டது" போன்ற விதியைத் தரும். நம் கேள்வி சட்டகம் 2ஐ வெளியேற்றச் சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

1. சட்டகம் 2இல் யார்? நாம் எழுதிய பட்டியலில் அ, பக்கம் 3.

2. அந்த வரியின் மாற்றப் பிற்று என்ன? 1. அப்படியானால் றாமில் உள்ளதை வட்டு 22இல் முதலில் எழுத வேண்டும்.

3. வெளியேறும் பக்கத்தின் வரியில் இருப்பை 0 ஆக்குங்கள்.

4. பணிசெயல் முறைமை வட்டு 21இல் உள்ளதைச் சட்டகம் 2க்குள் வாசிக்கிறது.

5. வந்த பக்கத்தின் வரியைத் திருத்துங்கள்: இருப்பு 1, சட்டகம் 2, மாற்றம் 0.

6. நின்றுபோன அதே கட்டளை மறுபடி ஓடுகிறது. இப்போது பௌதிக முகவரி 2 x 4096 + 904 = 9096.

```
செயன்முறை அ (பிறகு)
பக்கம்  இருப்பு  சட்டகம்  மாற்றம்  வட்டு
0       1       0        0       20
1       1       2        0       21
2       0       -        -       -
3       0       -        -       22
4-7     0       -        -       -
```

இரண்டாம் படியில் மாற்றப் பிற்றை ஏன் பார்க்கிறோம்? கொமினிகேசன் கடையில் சிநேகிதனின் கொப்பியைப் போட்டோக்கொப்பி எடுத்துப் படிக்கிறீர்கள். அந்தத் தாளில் நீங்கள் எதுவும் எழுதாவிட்டால் வேலை முடிந்ததும் எறிந்துவிடலாம், மூலக்கொப்பி அப்படியே இருக்கிறது. ஓரத்தில் கணக்கு ஒன்றைச் செய்து பார்த்திருந்தால், அதை மூலக்கொப்பியில் எழுதாமல் எறிய முடியாது. சட்டகத்தில் இருப்பது போட்டோக்கொப்பி. வட்டில் இருப்பது மூலம். கேள்வி சட்டகம் 2க்குப் பதிலாகச் சட்டகம் 3ஐச் சொல்லியிருந்தால் அங்கே ஆ, பக்கம் 2, மாற்றம் 0. எழுதும் படி முழுவதும் மிச்சம். ஒரு பக்கத் தவறுக்கு வட்டை இரண்டு முறை தொடுவதா ஒரு முறை தொடுவதா என்பதை அந்த ஒற்றைப் பிற்றுத் தீர்மானிக்கிறது.

இந்த மிச்சம் சின்ன விடயமில்லை. றாமை ஒரு முறை தொட ஏறத்தாழ 100 நனோசெக்கன் என்றால், சுழலும் வன்தட்டிலிருந்து ஒரு துண்டை எடுக்க 10 மில்லிசெக்கன் வரை போகும். அது ஒரு இலட்சம் மடங்கு. எஸ்.எஸ்.டி போட்ட கணினியில் அது ஆயிரம் மடங்கு அளவுக்குக் குறையும், இல்லாமல் போகாது.

## அடிக்கடி விடும் பிழைகள்

வெளியேறியவரின் வரியைத் திருத்த மறப்பது. விடைத்தாளில் நான் அதிகம் காணும் பிழை இதுதான். வந்த பக்கத்துக்கு இருப்பு 1 போடுவார்கள், போன பக்கத்தின் 1ஐ அப்படியே விட்டுவிடுவார்கள். பிறகு அ, பக்கம் 1உம் பக்கம் 3உம் ஒரே சட்டகம் 2இல் இருப்பதாகப் படம் சொல்லும். வெளியேறும் பக்கம் மற்றச் செயன்முறைக்குச் சொந்தமானால் இது இன்னும் எளிதாக நடக்கும், ஏனென்றால் திருத்த வேண்டிய வரி உங்கள் கண் முன்னால் இல்லாத அட்டவணையில் இருக்கிறது. கண்டுபிடிக்க ஒரு வழி: திருத்தி முடித்ததும் எல்லா அட்டவணைகளிலும் இருப்பு 1களை எண்ணுங்கள். பகிர்ந்த சட்டகம் இல்லாத படத்தில் அந்த எண்ணிக்கை சட்டகங்களின் எண்ணிக்கையைத் தாண்டக் கூடாது.

படத்தின் எந்த முனை 0 என்று பார்க்காதது. சில நூல்கள் முகவரி 0ஐக் கீழே வைத்து மேல்நோக்கி ஏறுகின்றன, சில மேலிருந்து இறங்குகின்றன. ஒரே படத்தில் அட்டவணை மேலிருந்தும் றாம் கீழிருந்தும் போவதும் உண்டு. பெட்டிகளை எண்ண வேண்டாம். ஓரத்தில் எழுதியிருக்கும் எண்ணைப் பாருங்கள்.

அம்புக்குறியை வட்டிலிருந்து நேரே நிரலுக்கு வரைவது. சீ.பி.யூ வட்டிலுள்ள பக்கத்தை அங்கேயே வைத்து வாசிப்பதில்லை. முதலில் சட்டகத்துக்குள் வர வேண்டும், பிறகுதான் வாசிப்பு.

பக்க இலக்கத்தை அட்டவணைக்குள் தேடுவது. பல படங்களில் பக்க இலக்கம் என்ற நிரலே இராது. அது வரியின் ஒழுங்குதான், முதல் வரி பக்கம் 0. உள்ளே எழுதியிருக்கும் எண் சட்டகத்தினுடையது.

## பெரிய படம் வந்தால்

32 பிற்று முகவரியும் 4 கிலோபைற்றுப் பக்கமும் என்றால் பக்கங்கள் பத்து இலட்சத்துக்கும் மேல், சரியாக 1048576. ஒரு வரிக்கு 4 பைற்று என்றால் ஒரு செயன்முறையின் அட்டவணைக்கே 4 மெகாபைற்று போய்விடும். ஆகவே அட்டவணையையே துண்டுகளாக்கி, துண்டு எங்கே என்று சொல்ல இன்னொரு அட்டவணை வைக்கிறார்கள். வாசிக்கும் முறை மாறாது. கோடுகள் மட்டும் கூடும். இன்று நம் மேசையிலுள்ள 64 பிற்றுக் கணினிகளில் வழக்கமான அமைப்பில் 48 பிற்று மாய முகவரி 9, 9, 9, 9, 12 என்று உடைகிறது: நான்கு அட்டவணை, கடைசியில் அதே 12 பிற்று ஓஃப்செற். டி.எல்.பி என்று ஒரு சிறு பெட்டி படத்தில் இருந்தால், அது அண்மையில் பார்த்த வரிகளின் நினைவுக்குறிப்பு. அதில் கிடைத்தால் அட்டவணைக்குப் போகவே தேவையில்லை.

## உங்கள் கணினியில் பார்க்க

லினக்ஸ் உள்ள கணினி கிடைத்தால் இரண்டாம் நடையை நேரே பார்க்கலாம். இந்தச் சிறு நிரலை `pakkam.py` என்ற பெயரில் சேமியுங்கள். விண்டோஸில் `os.fork` இல்லாததால் அங்கே இது ஓடாது.

```python
import os, ctypes
n = ctypes.c_int(5)
pid = os.fork()
if pid == 0:
    n.value = 9
else:
    os.wait()
print(hex(ctypes.addressof(n)), n.value)
```

`python3 pakkam.py` என்று ஓட்டினால் இரண்டு வரி வரும். இரண்டிலும் முகவரி ஒன்றே. ஆனால் முதல் வரியில் 9, இரண்டாவதில் 5. நிரல் நடுவில் இரண்டு செயன்முறைகளாகப் பிரிந்திருக்கிறது. பிரிந்த கணத்தில் இருவரின் அம்புக்குறியும் ஒரே சட்டகத்துக்குத்தான் போனது. பிள்ளைச் செயன்முறை 9 எழுதப் போனதும் பணிசெயல் முறைமை அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்து வேறு சட்டகத்தில் வைத்து, ஒருவரின் வரியைத் திருத்திவிட்டது. திரையில் தெரிவது மாய முகவரி என்பதால் அது மாறவே இல்லை.

பக்கத்தின் அளவையும் ஒரு செயன்முறையின் நிலையையும் இப்படிப் பார்க்கலாம். 1234க்குப் பதிலாக நீங்கள் பார்க்கும் செயன்முறையின் இலக்கத்தைப் போடுங்கள்.

```
getconf PAGESIZE
grep -E 'VmSize|VmRSS|VmSwap' /proc/1234/status
ps -o pid,min_flt,maj_flt,cmd -p 1234
```

பெரும்பாலான கணினிகளில் முதல் கட்டளைக்கு 4096 என்று வரும். `VmSize` மாய நினைவகத்தின் மொத்தம், `VmRSS` அதில் இப்போது றாமில் இருப்பது, `VmSwap` வெளியே வட்டில் இருப்பது. பின்னிரண்டையும் கூட்டினால் முதலாவது வரவில்லையே என்று குழம்ப வேண்டாம். ஒதுக்கப்பட்டும் இன்னும் தொடப்படாத பக்கங்களும், கோப்பிலிருந்து வேண்டும்போது வாசிக்கப்படும் பக்கங்களும் இரண்டிலும் சேராது. `min_flt` வட்டுக்குப் போகாமலே தீர்ந்த பக்கத் தவறுகள், `maj_flt` வட்டிலிருந்து வாசிக்க வேண்டி வந்தவை. சற்று முன் நாம் ஓட்டிய நிரலில் பிரதி எடுத்ததும் முதல் வகைதான். கணினி இழுபடுகிறது என்று தோன்றினால் இரண்டாவது எண் ஏறுகிறதா என்று பாருங்கள். விண்டோஸில் `resmon` திறந்து, `Memory` பகுதியில் `Hard Faults/sec` என்ற நிரலைப் பார்த்தால் அதே கதை.

## பாதுகாப்பு

மேலே தந்த கட்டளைகள் எல்லாம் வாசிப்பவை, எதையும் மாற்றாதவை. அடுத்து வருபவற்றைச் செய்ய வேண்டாம்.

விண்டோஸின் `pagefile.sys` பெரிய கோப்பாகக் கிடக்கிறது, இடத்தை அடைக்கிறது என்று அழிக்கப் பார்க்காதீர்கள். நம் படத்திலுள்ள உருளை அதுதான். லினக்ஸில் றாம் நிரம்பியிருக்கும்போது `swapoff -a` கொடுக்காதீர்கள். வட்டிலுள்ள பக்கங்கள் எல்லாவற்றையும் றாமுக்குள் திருப்பி இழுக்க அது முனையும், இடம் போதாவிட்டால் கணினி நிமிடக்கணக்கில் உறைந்துபோகும், அல்லது ஓடும் நிரல்கள் கொல்லப்படும். பாடசாலை ஆய்வுகூடத்தில் நினைவகத்தை வேண்டுமென்றே நிரப்பிப் பார்க்கும் பரிசோதனைகளும் கூடாது. உங்கள் பக்கத் தவறுகளுக்காக அதே கணினியில் வேலை செய்யும் மற்றவர் காத்திருக்க வேண்டி வரும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் மின்சாரம் திடீரென்று போகும் நம் ஊர்களுக்கு இன்னொன்று. மாற்றப் பிற்று 1 ஆக இருக்கும் பக்கத்தின் புதிய எழுத்து றாமில் மட்டுமே உண்டு. மின் போனால் அது போய்விடும். வெளியேற்றப்பட்டு வட்டுக்குப் போன பக்கங்களும் கணினி மறுபடி தொடங்கும்போது உங்களுக்குத் திரும்பி வராது, ஏனென்றால் அவற்றைச் சுட்டிய பக்க அட்டவணை றாமோடு அழிந்துவிட்டது. அந்த உருளை, கோப்பைச் சேமிக்கும் இடமல்ல. சேமிப்பை நீங்கள்தான் கொடுக்க வேண்டும்.

## செய்து பாருங்கள்

மூன்றாம் நடை முடிந்த பிறகுள்ள அட்டவணைகளை வைத்துக்கொண்டு தொடருங்கள். விடையைக் கையால் மறைத்துக்கொண்டு செய்யவும்.

அ. ஆ முகவரி 9000ஐக் கேட்கிறது. பௌதிக முகவரி என்ன?

ஆ. அடுத்து அ முகவரி 13000ஐ மறுபடி கேட்கிறது. வெளியேற்ற வேண்டியது சட்டகம் 1 என்று தரப்பட்டுள்ளது. எந்த எந்த வரிகள் மாறும்? வட்டை எத்தனை முறை தொட வேண்டும்? பௌதிக முகவரி என்ன?

*விடை அ.* பக்கம் 2, ஓஃப்செற் 808. ஆவின் அட்டவணையில் இருப்பு 1, சட்டகம் 3. விடை 12288 + 808 = 13096. அவுக்கு இதே 9000 செயன்முறையையே நிறுத்தியிருக்கும் என்பதைக் கவனியுங்கள்.

*விடை ஆ.* பக்கம் 3 இப்போது றாமில் இல்லை, வட்டு 22இல் இருக்கிறது. சட்டகம் 1இல் இருப்பது ஆ, பக்கம் 0, மாற்றம் 0, ஆகவே எழுதாமலே விட்டுவிடலாம். ஆவின் அட்டவணையில் பக்கம் 0இன் இருப்பு 0 ஆகும். அவின் அட்டவணையில் பக்கம் 3க்கு இருப்பு 1, சட்டகம் 1, மாற்றம் 0. வட்டை ஒரு முறை, வாசிக்க மட்டும். பௌதிக முகவரி 4096 + 712 = 4808. முதல் நடையில் இதே 13000 போய்ச் சேர்ந்த இடம் 8904.